பில் பாக்கிக்கு 420 போட்டால் நிற்குமா?

சரக்கு கொடுத்துப் பணம் வராத வியாபாரி காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் புகாரில் இந்திய தண்டனைச் சட்டத்தின் இரண்டு பிரிவுகள் ஜோடியாகவே வரும்: ஏமாற்றுதலுக்கு 420, நம்பிக்கை மோசடிக்கு 406. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 318(4), 316(2) ஆகிவிட்டன; பழக்கம் மட்டும் மாறவில்லை. ஏதாவது ஒன்று நிற்காதா என்ற கணக்குதான். முதல் தவறே அதுதான்.

ஏமாற்றுதலில், எதிராளி சொன்ன பொய்யை நம்பித்தான் நீங்கள் பொருளைக் கொடுக்கிறீர்கள். கெட்ட எண்ணம் அப்போதே அவர் மனதில் இருந்திருக்க வேண்டும். நம்பிக்கை மோசடியில் கொடுக்கும்போது எந்தக் கோளாறும் இல்லை. உங்கள் பொருளை அவர் பொறுப்பில் ஒப்படைக்கிறீர்கள், அப்புறம் அவர் அதைச் சுருட்டுகிறார். ஒரே கொடுக்கல் இரண்டாகவும் இருக்க முடியாது.

2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த டெல்லி ரேஸ் கிளப் வழக்கைப் பாருங்கள். குதிரைத் தீவனம் சப்ளை செய்தவருக்கு 9 லட்சத்துக்கு மேல் பாக்கி. மாஜிஸ்திரேட் நம்பிக்கை மோசடிக்கு சம்மன் அனுப்பினார்; உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தீவனத்தை விற்றுவிட்டால் அது வாங்கியவருடையது. ஒப்படைப்பு எங்கே இருக்கிறது? ஏமாற்றுதலும் நிற்கவில்லை. பல வருடமாகச் சரக்கு போய்க்கொண்டிருந்த கணக்கில், பணம் நின்றது என்பதை வைத்துத் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று சொல்ல முடியாது. கடைசியில் இது சிவில் பாக்கிதான்.

'தரவில்லை, ஆகவே ஏமாற்றிவிட்டார்' என்று பின்னாலிருந்து முன்னால் எண்ணத்தை ஊகிப்பது அடுத்த தவறு. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டமே 415-ஆம் பிரிவில் அவுரிச்செடியை உதாரணமாகக் காட்டியது. தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கியவனுக்கு அப்போதே தரும் எண்ணம் இல்லையென்றால் அது ஏமாற்றுதல். எண்ணம் இருந்து, பிறகு சொல் தவறினால் சிவில் வழக்கு மட்டும்தான்.

அப்படியானால் தொடக்க எண்ணத்தை எப்படிக் காட்டுவது? பணம் வாங்கிய நாளுக்கு முன்போ அன்றோ நடந்ததில்தான் அது கிடைக்கும். ஏற்கெனவே விற்ற மனையைக் காட்டி அட்வான்ஸ் வாங்கியது, மூடிய கணக்கின் காசோலையைக் கொடுத்தது, இல்லாத நிறுவனத்தின் பெயரில் ஆர்டர் போட்டது போன்றவை. புகாரில் இவற்றைத் தேதியோடு, அவர் என்ன சொன்னார் என்பதோடு எழுத வேண்டும். நிஜத்தில் பல புகார்களில் பாதிப் பக்கம் 'பலமுறை கேட்டும் தரவில்லை' என்பதே ஓடுகிறது. அது பாக்கியை நிரூபிக்கும், எண்ணத்தை அல்ல.

போலீஸ் புகார் நடக்கிறதே என்று சிவில் வழக்கைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. கடனுக்கு விற்ற சரக்கின் விலையைக் கேட்கப் பொதுவாக 3 ஆண்டுதான் காலவரம்பு. குற்றப் புகார் நிலுவையில் இருப்பதால் மட்டும் அந்தக் கெடு நிற்பதில்லை.