ஜூம் பதிவும் வாசல் ஸ்கேனும்: ஒப்பிடும்போது நடக்கும் தவறுகள்

ஒரு கல்லூரியில் காலை 10 முதல் மதியம் 1 மணி வரை பயிலரங்கு. பாதிப் பேர் அரங்கில், மீதிப் பேர் ஜூமில். 75 சதவீத நேரம், அதாவது 135 நிமிடம், இருந்தவர்களுக்குத்தான் சான்றிதழ். நிகழ்ச்சி முடிந்ததும் கையில் இரண்டு கோப்புகள் இருக்கும்: வாசலில் க்யூஆர் ஸ்கேன் செய்த பட்டியல் ஒன்று, ஜூம் கொடுக்கும் பங்கேற்பாளர் அறிக்கை இன்னொன்று. இரண்டையும் பெயரை வைத்து ஒட்டிப் பார்ப்பதில்தான் முதல் சறுக்கல்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு அது சரிவராது. வாசலில் 'எஸ். கார்த்திக்', ஜூமில் 'கார்த்திக் எஸ்', இன்னொரு முறை நுழைந்தபோது வெறும் போன் மாடலின் பெயர். அதே பட்டியலில் இன்னும் இரண்டு கார்த்திக் இருப்பார்கள். மின்னஞ்சலோ பதிவு எண்ணோதான் சாவியாக இருக்க வேண்டும். ஆனால் இதை நிகழ்ச்சிக்கு முன்பே யோசித்தாக வேண்டும். ஜூமில் முன்பதிவைக் கட்டாயமாக்காமல் வெறும் இணைப்பை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால், வெளியாட்களுக்கு மின்னஞ்சல் கட்டம் பெரும்பாலும் காலியாகவே வரும். அதை அப்புறம் நிரப்ப வழியில்லை.

அடுத்தது கடிகாரம். சில ஸ்கேன் செயலிகள் தரும் கோப்பில் நேரம் யூடிசியில் இருக்கும். வாசலில் முதல் ஆள் காலை 4:05-க்கு வந்ததாகக் காட்டினால் பதற வேண்டாம். 5 மணி 30 நிமிடம் கூட்டினால் 9:35 ஆகிவிடும். எல்லா வரிகளையும் ஒரே நேரத்துக்கு மாற்றிய பிறகுதான் ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்.

அதிகம் பேரை ஏமாற்றுவது ஜூம் அறிக்கையின் Duration கட்டம். ஒருவர் எத்தனை முறை உள்ளே வந்தாரோ அத்தனை வரிகள் இருக்கும். பலரும் அவற்றை அப்படியே கூட்டிவிடுகிறார்கள். ஒருவர் லேப்டாப்பில் 9:40 முதல் 10:50 வரை, கூடவே போனில் 9:45 முதல் 10:50 வரை இருக்கிறார் என்று வையுங்கள். 70-உம் 65-உம் சேர்ந்து 135. சான்றிதழ் வாங்கிவிடுவார்! உண்மையில் நிகழ்ச்சிக்குள் அவர் இருந்தது 10:00 முதல் 10:50 வரை, 50 நிமிடம்தான். தொடங்குவதற்கு முந்தைய நேரத்தை வெட்ட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று விழும் நேரத்தை ஒரு முறைதான் எண்ண வேண்டும்.

எக்செலில் இதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. A-யில் மின்னஞ்சல், B-யில் நுழைந்த நேரம், C-யில் வெளியேறிய நேரம், H1-இல் தொடக்கம், H2-இல் முடிவு. நேரங்கள் எல்லாம் தேதியோடு. முதலில் மின்னஞ்சல்படியும், அதற்குள் நுழைந்த நேரப்படியும் வரிசைப்படுத்துங்கள். அப்புறம் இரண்டாம் வரியில் D, E, F கட்டங்களில் முறையே:

```
=MAX(B2,$H$1,IF(A2=A1,E1,0))
=MAX(MIN(C2,$H$2),IF(A2=A1,E1,0))
=MAX(0,E2-D2)*1440
```

கீழே வரை இழுத்துவிட்டு F-ஐ ஆள்வாரியாகக் கூட்டினால் உண்மையான நிமிடங்கள் கிடைக்கும். மேலே சொன்னவருக்கு முதல் வரியில் 50, இரண்டாம் வரியில் 0 வரும்.

இனி இரண்டு பட்டியலிலும் இருக்கும் ஆட்கள். இவர்களை உடனே போலி என்று ஒதுக்குவது அவசரம். அரங்கில் உட்கார்ந்துகொண்டே கருத்துக்கணிப்பில் கலந்துகொள்ளவோ ஸ்லைடைப் பெரிதாகப் பார்க்கவோ போனில் ஜூமைத் திறப்பவர்கள் நிறைய. பாதியில் கிளம்பி, பேருந்தில் இருந்தபடி மீதியைக் கேட்பவர்களும் உண்டு. நேரத்தைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்: 9:35-க்கு ஸ்கேன், 11:20 முதல் ஜூம் என்றால் இயல்பானது. 9:30 முதல் 1:00 வரை இடைவெளியில்லாமல் ஜூமில் இருந்தவருக்கு 9:50-க்கு வாசலில் ஸ்கேன் விழுந்திருந்தால், க்யூஆரின் ஸ்கிரீன்ஷாட்டை நண்பர் காட்டியிருக்கலாம். அப்போதும் அது சந்தேகம்தான், ஆதாரம் இல்லை; ஆளைக் கேட்டுவிட வேண்டும். எப்படி இருந்தாலும் தலைக்கணக்கில் அவர் ஒருவர்தான், இரண்டு பட்டியல்களின் எண்ணிக்கையையும் சும்மா கூட்டிவிடக் கூடாது.

கடைசியாக ஒரு நியாயக் கேள்வி. ஆன்லைனில் இருந்தவரை நிமிடக் கணக்கில் அளக்கிறோம். அரங்குக்கு வந்தவருக்கோ உள்ளே நுழைந்த ஒரு ஸ்கேன் போதும், பத்தே நிமிடத்தில் கேண்டீனுக்குப் போய்விட்டாலும் முழு வருகை. வாசல் பதிவில் வெளியேறும் நேரமே கிடையாது. ஆகவே தேநீர் இடைவேளை முடிந்து உள்ளே வரும்போது இன்னொரு முறை, நிகழ்ச்சி முடிவில் ஒரு முறை ஸ்கேன் வையுங்கள். கூட்டம் நெரிகிறது என்று தாளில் எழுதி வாங்கி, தன்னார்வலர் மாலையில் மொத்தமாகச் செயலியில் ஏற்றினால் எல்லா நேரமும் மாலை 4 மணியாகப் பதிவாகும். ஒரே நிமிடத்தில் முப்பது பேர் வந்ததாகத் தெரிந்தால் அதுதான் காரணம். அந்த வரிகளுக்குத் தாளில் உள்ள நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.