கட்டைவிரலால் கப்பலின் நீளத்தைக் கணிக்கும் முறை

கையை முழுமையாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும்போது, ஏறத்தாழ 2 செ.மீ. அகலமுள்ள கட்டைவிரல் கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி நிற்பதால், அது சரியாக மறைக்கும் பொருளின் அகலம் அப்பொருள் இருக்கும் தொலைவில் முப்பதில் ஒரு பங்காகும். மெரினாவில் நீரோரம் நிற்பவருக்குத் தொடுவானம் சுமார் 5 கி.மீ. தொலைவில் இருக்கிறது, நங்கூரமிட்ட கப்பலின் நீர்மட்டம் அக்கோட்டிலேயே படிந்து, விரல் அதை முழுதும் மறைத்தால், 5,000-ஐ 30-ஆல் வகுக்க, பக்கவாட்டில் தெரியும் கப்பலின் நீளம் ஏறத்தாழ 167 மீட்டர். கப்பலின் அடிப்பகுதி கடலுக்குள் அமிழ்ந்ததுபோல் தெரிந்தால் அது இன்னும் தொலைவில் உள்ளது. அப்போது இக்கணக்கு குறைவாகவே காட்டும். கப்பல் சாய்ந்த கோணத்தில் திரும்பியிருந்தால் கிடைப்பது தோற்ற அகலமே தவிர, அதன் முழு நீளமன்று. முப்பது என்பது என் கைக்குப் பொருந்திய எண். உங்களுடையதை அளவுகோலால் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.