கடை திறப்பு நோட்டீஸ்: குறிப்பிலிருந்து அச்சுக்குப் போகும் வழியில் நடக்கும் தவறுகள்

கடை திறப்பு நோட்டீஸுக்கான விவரம் டிடிபி சென்டருக்கு வருவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான். மன்னார்குடி மாதிரி ஓர் ஊரில் மளிகைக் கடை திறக்கப் போகிறவர் இப்படி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"கடை திறப்பு 28.8.25 வியாழன், ஆவணி 11, காலை 10.30-11.30. ஆயிரம் ரூவாக்கு வாங்கினா ஒரு கிலோ சக்கரை ஃப்ரீ. எண்ணெய் ரேட் கம்மி. அரிசி மூட்டைக்கு 50 தள்ளுபடி. எல்லா சாமானும் 10% வரை. முதல் 100 பேருக்கு கிஃப்ட். டோர் டெலிவரி உண்டு. பஸ் ஸ்டாண்ட் பக்கம். அப்பா பேரு மேல வரணும், மாமா பேரும் போடுங்க. அரைப் பக்கத்துல அடக்கிடுங்க."

இதை எழுதியவருக்கு எல்லாம் தெளிவுதான். எந்த எண்ணெய், எவ்வளவு கம்மி, என்ன கிஃப்ட் என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கிறது. நோட்டீஸை வாங்குகிறவருக்கு அது எதுவும் தெரியாது. டைப் அடிப்பவர் இந்த வரிகளுக்கு அழகான எழுத்தும் பூ பார்டரும் போட்டு அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டால், திறப்பு விழா அன்று கல்லாவில் தகராறு நிச்சயம்.

முதலில் தேதி. 2025 விசுவாவசு வருடத்தில் ஆவணி பிறந்தது ஆகஸ்ட் 17 அன்று. அப்படியானால் 28-ஆம் தேதி ஆவணி 12. ஆவணி 11 என்பது முந்தின நாள், புதன்கிழமை, விநாயகர் சதுர்த்தி. காலண்டரைக் கிழிக்க மறந்த நாளில் குறிப்பு எழுதியிருப்பார். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை மூன்றையும் நோட்டீஸில் போடுவது நம் வழக்கம் என்பதால் ஒன்று தப்பினாலும் படிப்பவர் குழம்புவார். சதுர்த்தி அன்றுதான் திறப்பு என்று நினைத்து புதன்கிழமையே வந்து, பூட்டிய ஷட்டரைப் பார்த்துத் திரும்புகிறவர்களும் இருப்பார்கள். தினசரிக் காலண்டரில் அந்தத் தாளைத் திறந்து மூன்றையும் ஒரே தடவையில் சரிபார்க்க வேண்டும். ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது.

நேரத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 10.30 முதல் 11.30 என்பது நல்ல நேரம், குத்துவிளக்கு ஏற்றும் நேரம். சாமான் வாங்க வருகிறவருக்கு அது தேவையில்லை. பில் போடுவது எப்போது ஆரம்பம் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். "காலை 10.30 - 11.30" என்று மட்டும் போட்டால், சலுகை அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு வராமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. "விற்பனை காலை 11.30 முதல்" என்று தனி வரி போட்டால் போதும்.

இனி சலுகைகள். பணம் போவது இங்கேதான்.

"ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை இலவசம்." முழுமையான வாக்கியம் போலத்தான் தெரியும். மூவாயிரத்துக்கு வாங்குகிறவருக்கு எத்தனை கிலோ? ஒன்றா, மூன்றா? மூன்று என்று அவர் நினைப்பது நியாயம். ஒன்றுதான் என்று சொன்னால், அங்கேயே மூன்று பில்லாகப் பிரித்துப் போடச் சொல்வார். அரிசி மூட்டை இந்தக் கணக்கில் சேருமா என்பதும் குறிப்பில் இல்லை. சேரும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூட்டை 1,500 ரூபாய், அதில் 50 தள்ளுபடி. 1,450 பில் ஆனதால் சர்க்கரையும் போகிறது. சர்க்கரை கிலோ 45 என்று வைத்தால் ஒரு மூட்டையில் 95 ரூபாய் கைவிட்டுப் போகிறது. மூட்டைக்கு நூறு ரூபாய் நிற்கிறது என்றாலும் மிச்சம் ஐந்து. அதில் டெலிவரிக்குப் பெட்ரோலும் போட வேண்டும்.

இரண்டு சலுகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதைக் குறிப்பு எழுதும்போது யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தானே யோசித்தோம்! அதனால் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு கற்பனை வாடிக்கையாளரை உட்கார வைத்து, எல்லா சலுகையையும் ஒரே பில்லில் கேட்க விட்டுப் பார்க்க வேண்டும். அந்த பில்லில் நஷ்டம் வந்தால் எந்தப் பொருள் எந்தக் கணக்கில் சேராது என்பதை நோட்டீஸிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூட்டை என்றால் எத்தனை கிலோ என்பதையும் விடக் கூடாது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்தபின் 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்தன. 5, 10 கிலோ பைகளும் இருக்கின்றன. எடை போடாவிட்டால் பத்து கிலோ பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். அதையும் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வார்கள்.

"எல்லா சாமானும் 10% வரை" என்ற வரியை நான் எடுத்துவிடவே சொல்வேன். "வரை" என்ற சொல்லைச் சின்னதாகப் போட்டு 10%-ஐ மட்டும் பெரிதாகக் காட்டுவது பழைய தந்திரம். படிப்பவர் பத்து சதவீதத்தைத்தான் பார்ப்பார். பருப்புக்கு இரண்டு சதவீதம்தான் என்று தெரிந்ததும் அடுத்த மாதம் பழைய கடைக்கே போய்விடுவார். சட்டமும் இதைப் பார்க்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிமுறைகள், நிபந்தனை வரி சலுகை எழுதிய அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. தமிழில் சலுகையைப் போட்டுவிட்டு, அடியில் எறும்பு சைஸில் ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவது அங்கேயே தவறாகிவிடுகிறது. போதிய சரக்கு இல்லாமல் சலுகை காட்டி ஆளை இழுப்பதையும் அதே நெறிமுறைகள் தடுக்கின்றன. நூறு எண்ணெய் பாக்கெட்தான் கையில் இருக்கிறது என்றால் நூறு என்றே போடுங்கள்.

"முதல் 100 பேருக்கு கிஃப்ட்" என்றால் குழந்தையைத் தூக்கி வந்த குடும்பத்தில் நாலு பேரும் நாலு கிஃப்ட் கேட்பார்கள். "முதல் 100 பில்லுக்கு" என்று மாற்றினால் எண்ணுவது பில் மெஷினின் வேலை. பொருளின் பெயரையும் சொல்ல வேண்டும். எவர்சில்வர் டம்ளர் என்றால் டம்ளர் என்றே போடலாம். "கிஃப்ட்" என்று மட்டும் போட்டால் அவரவர் ஆசைக்கு ஏற்ப எதிர்பார்த்து வருவார்கள்.

டோர் டெலிவரி சலுகை இல்லை, வசதி. புல்லட் வரிசையில் அதையும் சேர்த்தால் சலுகை நாட்களோடு அதுவும் முடிந்துவிடும் என்று ஆகிறது. அதற்கு முகவரிக்கு மேலே தனி வரி.

இவ்வளவும் சரி செய்தபின் அந்தக் குறிப்பு இப்படி ஆகிறது:

(கடையின் பெயர்)
திறப்பு விழா
28.08.2025 வியாழக்கிழமை (ஆவணி 12)
காலை 10.30-க்கு மேல் 11.30-க்குள்
விற்பனை காலை 11.30 முதல்

திறப்பு விழா சலுகைகள்: 28.08 வியாழன் முதல் 31.08 ஞாயிறு வரை

● ₹1,000-க்கு மளிகை வாங்கினால் சர்க்கரை 1 கிலோ இலவசம். ஒரு குடும்பத்துக்கு 1 கிலோ. அரிசி மூட்டையும் எண்ணெயும் இந்தக் கணக்கில் சேராது.
● 26 கிலோ அரிசி மூட்டைக்கு ₹50 தள்ளுபடி.
● கடலை எண்ணெய் 1 லிட்டர் பாக்கெட் எம்ஆர்பியிலிருந்து ₹15 குறைவு. மொத்தம் 300 பாக்கெட், ஒருவருக்கு 2.
● முதல் நாள், ₹300-க்கு மேற்பட்ட முதல் 100 பில்லுக்கு எவர்சில்வர் டம்ளர் ஒன்று.

3 கி.மீ. வரை டோர் டெலிவரி, ₹500-க்கு மேல் இலவசம்
பழைய பஸ் ஸ்டாண்ட் கிழக்கு வாசல் எதிரில்
(போன் நம்பர்)
அன்புடன் அழைக்கும்: (அப்பா, மாமா பெயர்கள்)

அப்பா பெயர் கீழே போய்விட்டதே என்று உரிமையாளர் முகம் சுளிப்பார். அழைப்பிதழில் பெயர்கள் மேலே வரட்டும், சொந்தக்காரர்களுக்குப் போவது அது. முன்னிலை, தலைமை, முதல் விற்பனை என்று ஒன்பது பேரை நோட்டீஸில் ஏற்றினால் அரைப் பக்கத்தில் சலுகைக்கு இடமே இருக்காது. அரைப் பக்கம் என்பது ஏ4 தாளில் பாதி, 148 × 210 மில்லிமீட்டர்தான். அதில் நான்கு புல்லட் தாராளமாக உட்காரும், ஆறு நெருக்கும். எட்டு போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் எழுத்தை ஒன்பது பாயிண்டுக்கு இறக்குவார்கள், வரிகளை நெருக்குவார்கள். தமிழில் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் வளைவுகள் இருப்பதால் வரி நெருங்கினால் மேல் வரியின் "கு", "ழு" கீழ் வரியின் "கீ", "ளி"யில் போய் முட்டும். வயதானவர்கள் படிக்க மாட்டார்கள். மளிகைக் கடை எது என்று வீட்டில் முடிவு செய்வது பாதி நேரம் அவர்கள்தான்.

அடுத்தது எழுத்துரு. போனில் அடிப்பது யூனிகோடு. அச்சகத்தில் இன்னும் பலர் பேஜ்மேக்கரிலோ பழைய கோரல்டிராவிலோ பழைய தமிழ் எழுத்துருக்களை வைத்து வேலை செய்கிறார்கள். யூனிகோடு வரியை அதில் ஒட்டினால் வெறும் கட்டங்கள் வரும், அல்லது "கொ" பிரிந்து கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும். கட்டம் வந்தால் யாரும் பார்த்துவிடுவார்கள். ஒன்றிரண்டு எழுத்து மட்டும் மாறும்போதுதான் தப்பிவிடுகிறது. கன்வெர்ட்டரில் போட்டு மாற்றும்போது ₹ குறி காணாமல் போகும், அல்லது வேறு ஏதோ குறியாகிவிடும். பழைய எழுத்துருவில் வேலை என்றால் "ரூ." என்று எழுதிவிடுவது நல்லது. எழுத்தை கர்வ் ஆக்கிய பிறகு, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய பிறகு, ஒரு சொல்லைத் திருத்த வேண்டும் என்றால் அந்த வரியையே புதிதாக அடிக்க வேண்டும். அதனால் பிழை பார்ப்பது அதற்கு முன்பே முடிய வேண்டும்.

புரூஃபைப் போன் திரையில் பெரிதாக்கிப் பார்த்து "ஓகே" சொல்வது ஆபத்து. திரையில் பெரிதாகத் தெரியும் எழுத்து தாளில் பொடியாக இருக்கும். ஒரு பிரதியை அசல் அளவில் பிரின்ட் எடுத்து, கடையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, சர்க்கரை எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் வரியை மாற்ற வேண்டும். போன் நம்பரைக் கண்ணால் பார்ப்பதோடு விடாமல், தாளைப் பார்த்து டயல் செய்து மணி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியூஆர் கோடு போட்டிருந்தால் அதையும் அந்தத் தாளிலிருந்தே ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மட்டமான தாளில் மை பரவி, பல போன்கள் அதைப் படிக்காது.

எல்லாம் அடித்து முடிந்தபின் தவறு தெரிந்தால்? தேதியோ போன் நம்பரோ என்றால் ரப்பர் ஸ்டாம்பு செய்து குத்திவிடலாம், பேப்பர் ஏஜென்டிடம் போகும் முன் ஒரு மாலையில் முடிகிற வேலை. சலுகை வரியில் தவறு என்றால், வினியோகம் ஆகாதவற்றை நிறுத்திவிட்டு, வெளியே போனவற்றுக்கு அச்சில் உள்ளபடியே கொடுத்துவிடுவது மேல். மூவாயிரத்துக்கு வாங்கியவருக்கு மூன்று கிலோ சர்க்கரை கொடுத்தால் 90 ரூபாய் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.