மேலே ஒரு ‘சரி’, கீழே நான்கு கேள்விகள்: மின்னஞ்சல் பதிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். வாங்குபவர்களுடன் கடிதப் போக்குவரத்து முழுவதும் என் மேசையில்தான். ஆம்பூரிலிருந்து ஒரு காலணி நிறுவனம் 8,000 சதுர அடி கறுப்புத் தோலுக்கு ஆர்டர் தந்தபோது, கொள்முதல் அதிகாரி ஒரே மின்னஞ்சலில் நான்கு விஷயங்களைக் கேட்டிருந்தார். எங்கள் கடிதங்கள் ஆங்கிலத்தில் ஓடும். இங்கே தமிழில் தருகிறேன்.

```
1. போன லாட்டின் கனம் 1.4–1.6 மி.மீ.
   இந்த முறை 1.2–1.4 ஆகக் குறைக்கலாமா?
2. நிறத்துக்குப் பழைய ஷேடு அட்டைதானே?
3. குரோமியம் 6 சோதனை அறிக்கை சரக்குடன் வருமா?
4. இரண்டு தவணையாக அனுப்ப முடியுமா?
```

நான் அவசரத்தில் மேலேயே எழுதினேன்: “சரி ஐயா. அறிக்கை சரக்குடன் வரும். தேதியை நாளை சொல்கிறோம்.” அவருடைய கடிதம் முழுதாக அதன் கீழே தொங்கியது. மறுநாள் அந்த நிறுவனத்தின் உற்பத்தி மேலாளர் இந்தக் கடிதப் போக்குவரத்துக்குள் வந்தார். அவரும் என் பதிலுக்கு மேலேயே எழுதினார்: “வேண்டாம், பழையபடியே இருக்கட்டும்.”

எது பழையபடி? கனமா, நிறமா, ஒரே தவணையா? நான் நிறம் என்று எடுத்துக்கொண்டேன். கனத்துக்குத்தான் ஏற்கெனவே ‘சரி’ சொல்லியாகிவிட்டதே! ஷேவிங் எந்திரத்தடியில் மேஸ்திரிக்கு 1.2–1.4 என்று சீட்டு போயிற்று. அவர் மட்டும் ஒரு முறை கேட்டார்: “பழையபடி என்றால் எது சார் பழையபடி?” நான் காகிதத்தைக் காட்டி அனுப்பிவிட்டேன்.

மேலாளர் சொன்னது கனத்தைத்தான். நிறம் பிசகினால் திரும்பவும் சாயமேற்றி இன்னும் கருப்பாக்கலாம். சீவிய தோலில் கனத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. கால்பங்குக்கு மேல் சீவி முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தத் தோலைப் பின்னர் மெல்லிய செருப்பு மாதிரிகளுக்கு விலை குறைத்துத் தள்ளினோம்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, கவனமில்லாமலும் இல்லை. பதில் தன் கேள்வியைவிட்டு விலகி நின்றது, அவ்வளவுதான். டாப் போஸ்டிங் என்று சொல்லப்படும் மேலே எழுதும் பழக்கத்தின் முதல் தவறு இதுவே: பல கேள்விகளுக்கு ஒரே ‘சரி’. ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்றால் மேலே எழுதுவதில் எந்தக் குற்றமும் இல்லை. “லாரி கிளம்பிவிட்டதா?” “கிளம்பிவிட்டது, மாலை ஆறு மணிக்கு வந்துவிடும்.” இதற்கு மேற்கோள் எதற்கு? கேள்வி இரண்டைத் தாண்டும்போதும், பேசுபவர்கள் இருவரைத் தாண்டும்போதும்தான் ‘சரி’ என்ற சொல் அநாதையாகிறது.

அதே கடிதத்துக்கு நான் இப்படிப் பதில் எழுதியிருக்க வேண்டும்:

```
ஐயா, உங்கள் கேள்விகளுக்குக் கீழேயே பதில் எழுதியிருக்கிறேன்.

> 1. ... இந்த முறை 1.2–1.4 ஆகக் குறைக்கலாமா?

குறைக்கலாம். புதன்கிழமை சீவத் தொடங்குகிறோம்.
அதற்குள் மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்.

> 2. நிறத்துக்குப் பழைய ஷேடு அட்டைதானே?

ஆம், போன லாட்டின் அட்டையே.
```

இப்போது மேலாளர் “வேண்டாம், பழையபடியே” என்று எழுத நினைத்தால், எந்த வரிக்குக் கீழே எழுதுவது என்று அவரே தேர்ந்தெடுத்தாக வேண்டும். முதல் கேள்விக்குக் கீழே எழுதினால் கனம், இரண்டாவதற்குக் கீழே எழுதினால் நிறம். அவர் மனத்தில் இருப்பதை நான் ஊகிக்க வேண்டியதில்லை. நீண்ட உரையாடலில் இடையிடையே எழுதும் பதில்தான் தெளிவானது என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். படிப்பவருக்கு வசதி என்பதை எல்லோரும் சொல்வார்கள். எழுதுபவரைத் தெளிவாக எழுதவைக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். மூன்றாவது கேள்விக்குக் கீழே வெறும் “வரும்” என்று எழுதக் கை கூசும். ஐரோப்பாவுக்குப் போகும் காலணியில் உடம்பில் படும் தோல் பாகங்களில் நச்சுப் பொருளான குரோமியம் 6 கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு 2015 மே முதல் அமலில் இருக்கிறது. கேள்வியைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு எழுதும்போது, ஐ.எஸ்.ஓ. 17075 முறைப்படி சோதித்த அறிக்கையா, எந்த லாட்டுக்கு உரியது என்பதெல்லாம் தானாக எழுத வந்துவிடும்.

ஆனால் இடையிடையே எழுதத் தொடங்கியவர்களும் தவறு செய்கிறார்கள். நான் செய்த அடுத்த தவறு வண்ணம். “என் பதில்கள் கீழே சிவப்பில்” என்று எழுதுவது எங்கள் தொழிலில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. முதல் சுற்றில் அழகாக இருக்கும். அவர்கள் நீலத்தில் திரும்ப எழுதுவார்கள். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி பச்சையில் நுழைவார். நான்காவது சுற்றில் நான் மறுபடியும் சிவப்பில் எழுதினால், எது பழைய சிவப்பு, எது புதிய சிவப்பு? யாராவது ஒருவரின் அஞ்சல் வெறும் உரையாக மாறிப்போனால் எல்லா வண்ணமும் போய், கேள்வியும் பதிலும் ஒரே பத்தியாகக் குழையும். எங்கள் அலுவலகத்தில் கறுப்பு வெள்ளை அச்சுப்பொறிதான் இருந்தது. மேஸ்திரியின் கைக்குப் போன தாளில் சிவப்பு என்று எதுவும் இல்லை.

மேற்கோளின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் `>` குறி போடும் பழைய முறை பார்க்க அழகில்லைதான். ஆனால் அது அச்சிலும் நிற்கும், நகலெடுத்து ஒட்டினாலும் நிற்கும். ஒரு குறி இருந்தால் எனக்கு எழுதியவர் சொன்னது. `>>` என்று இரண்டு இருந்தால் அதற்கு முந்தையவர் சொன்னது. எண்ணிப் பார்த்தால் யார் பேச்சு என்று தெரிந்துவிடும். “இன்னார் இன்ன தேதியில் எழுதினார்” என்று மேற்கோளுக்கு மேலே தானாக வரும் வரியை அழித்துவிட்டால்தான் இந்தக் கணக்கு குழம்பும். அதை மட்டும் விட்டுவையுங்கள்.

மூன்றாவது தவறு, வெட்டாமல் விடுவது. ஒருமுறை எனக்கு வந்த பதிலைத் திறந்தேன். முதல் திரை முழுவதும் நான் எழுதிய கடிதமே இருந்தது. தவறுதலாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து மூடிவிட்டேன். ஏழு பத்திக்குக் கீழே, கையெழுத்துக்குச் சற்று மேலே, “மாதிரித் துண்டை உடனே நிறுத்துங்கள்” என்று ஒரு வரி ஒளிந்திருந்தது. இன்டெலைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் 1995 அக்டோபரில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பு, சூழல் புரிவதற்குப் போதுமான அளவு மட்டும் மூல உரையைச் சேர்க்கச் சொல்கிறது. வணக்கம், நலம் விசாரிப்பு, கையெழுத்து, ரகசியக் காப்பு அறிவிப்பு எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, கேள்வி நிற்கும் வரியை மட்டும் வையுங்கள். பதில் கீழே இருக்கிறது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

வெட்டுவதிலும் ஓர் எல்லை உண்டு. “முன்பணம் வந்தால் 20-ஆம் தேதி அனுப்புகிறோம்” என்ற வரியில் முன்பாதியை வெட்டிவிட்டு “20-ஆம் தேதி அனுப்புகிறோம்” என்பதை மட்டும் மேற்கோளாக வைத்து, அதற்குக் கீழே “நன்றி” என்று எழுதிய ஒருவரை நான் அறிவேன். நிபந்தனை காணாமல் போயிற்று. வாக்கியத்தை நடுவில் ஒடிக்காதீர்கள். வெட்டுவதென்றால் வாக்கியம் வாக்கியமாக வெட்டுங்கள். மேற்கோளுக்குள் எழுத்துப் பிழையைத் திருத்துவதுகூட வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசமானது கலப்படம். ஒரே உரையாடலில் ஒருவர் மேலே எழுத, இன்னொருவர் இடையில் எழுத, மூன்றாமவர் கடைசியில் எழுதினால், படிப்பவர் கீழிருந்து மேலே ஏறி, நடுவில் நின்று, திரும்பக் கீழே இறங்க வேண்டியிருக்கும். எதிர்த்தரப்பு ஏற்கெனவே மேலே எழுதிக்கொண்டிருந்தால், வேண்டிய கேள்விகளை மட்டும் புதிய பதிலில் எடுத்து வைத்து அவற்றின் கீழே எழுதுங்கள். பழைய குவியலை முழுதாக வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் அவர்களும் அடுத்த முறை அதையே பின்பற்றுவார்கள்.

இதற்கு மென்பொருள் பெரிதாகத் தடையில்லை. கணினியில் ஜிமெயிலில் பதில் பொத்தானை அழுத்தினால் பழைய கடிதம் மூன்று புள்ளிகளுக்குள் சுருங்கிக் கிடக்கும். அந்தப் புள்ளிகளைத் தட்டினால் விரியும். கேள்வியின் முடிவில் கர்சரை வைத்து என்டரைத் தட்டினால் மேற்கோள் இரண்டாகப் பிரிந்து நடுவில் இடம் கிடைக்கும். தண்டர்பேர்டில் வேண்டிய வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுப் பதில் பொத்தானை அழுத்தினால் அந்த வரிகள் மட்டுமே மேற்கோளாக வரும். பழைய வடிவ அவுட்லுக்கின் அமைப்புகளில், மூலக் கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் குறி போடும் `Prefix each line of the original message` என்ற தேர்வு இருக்கிறது.

மேலே எழுதுவதே சரியான இடமும் உண்டு. புதிதாக ஒருவரை உரையாடலில் சேர்க்கும்போது முழு வரலாறும் அவருக்கு வேண்டும். அப்போது எதையும் வெட்டாமல், “இதுவரை கனம் முடிவாகியிருக்கிறது, தவணை முடிவாகவில்லை” என்று மேலே இரண்டு வரி எழுதி அப்படியே அனுப்புவதுதான் நியாயம். இடையிடையே எழுதியது நான்கைந்து சுற்று தாண்டி `>>>>` என்று அடுக்கத் தொடங்கினாலும் அதன் பயன் தீர்ந்துவிட்டது. முடிவானவற்றை மட்டும் புதிய தலைப்பில், மேற்கோளே இல்லாத ஒரு கடிதமாக எழுதி, மேஸ்திரிக்கு அந்தத் தாளை மட்டும் அச்செடுத்துக் கொடுங்கள்.

காட்பாடி நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது கைப்பேசியில் வெட்டுவதும் பிரிப்பதும் கட்டைவிரலுக்குப் பெரும்பாடு. அப்படிப்பட்ட நேரத்தில் நான் மேலேதான் எழுதுகிறேன், ஆனால் ‘சரி’ என்று எழுதுவதில்லை. “1. கனம்: 1.4–1.6, குறைக்க வேண்டாம். 2. நிறம்: பழைய அட்டை.” கேள்வியின் பெயரும் பதிலும் ஒரே வரியில் போய்விடும்.