போட்டோவில் வந்த காம்பவுண்ட் கியர் படம்: வேக விகிதமும் சுழலும் திசையும்

பயிற்சிக் கணக்கின் படத்தைப் போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஐந்து கியர். A-க்கு 18 பல், B-க்கு 54, C-க்கு 20, D-க்கு 30, E-க்கு 50. A 900 ஆர்.பி.எம்.மில் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. E எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம் சுற்றும்?

முதலில் படத்தை ஒரு தாளில் பென்சிலால் திரும்ப வரையுங்கள். போனில் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட இதுதான் எனக்கு ஒத்துவருகிறது. சாய்வாக எடுத்த போட்டோவில் வட்டம் நீள்வட்டமாகிவிடும். அதனால் ஸ்கேல் வைத்து விட்டத்தை அளக்காதீர்கள், எழுதியிருக்கும் பல் எண்ணிக்கையை மட்டும் நம்புங்கள்.

நான் மாட்டிக்கொண்டது B, C இரண்டிலும்தான். பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம் இருந்ததைப் பார்த்து, இரண்டும் பல்லோடு பல் கோத்திருப்பதாக எண்ணி A-யிலிருந்து E வரை ஒரே சங்கிலியாகப் போட்டேன். நடுவில் வந்த எல்லாப் பல்லும் அடிபட்டுப் போய், 900 × 18/50 = 324 ஆர்.பி.எம். என்று வந்தது. விடையோ 120. திசையும் தப்பு.

மையத்தைப் பாருங்கள். இரண்டு வட்டத்துக்கும் மையம் ஒன்றேயானால் இரண்டும் ஒரே ஷாஃப்ட்டில் பூட்டியவை. ஒரே வேகம், ஒரே திசை. மையங்கள் வேறாக இருந்து, விட்டு விட்டு வரும் கோட்டில் வரைந்த வட்டங்கள் ஒரு புள்ளியில் தொட்டால்தான் பல் கோத்திருக்கிறது என்று அர்த்தம். போட்டோவில் அந்தக் கோடு மங்கியிருந்தால் பக்கத்தோற்றத்துக்குப் போங்கள். அங்கே B-யும் C-யும் ஒரே அச்சுக்கோட்டில் பக்கம் பக்கமாக நிற்கும்.

இனி, பல் கோத்த ஜோடிகளை மட்டும் எழுதுங்கள்: A–B, C–D, D–E.

```
NA/NE = (54/18) × (30/20) × (50/30) = 7.5
NE = 900/7.5 = 120 rpm
```

D-யின் 30 மேலேயும் கீழேயும் வந்து அடிபட்டுவிடுகிறது. D தனி ஷாஃப்ட்டில் நிற்கும் இடைக்கியர். வேகத்தை மாற்றாது, திசையை மட்டும் மாற்றும். B-யையும் அப்படி அடித்துவிடக்கூடாது. அதன் ஷாஃப்ட்டில் C கூடவே இருப்பதால் 54-ம் 20-ம் கணக்கில் நிற்கின்றன.

திசைக்குக் கியர்களை எண்ண வேண்டாம், பல் கோத்த இடங்களை எண்ணுங்கள். இங்கே மூன்று, ஒற்றைப்படை. எனவே E, A-க்கு எதிராக, அதாவது இடஞ்சுழியாகச் சுற்றும். எல்லா அம்புக்குறியையும் ஒரே பக்கத்திலிருந்து பார்த்துப் போடுங்கள். எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் வலம் இடமாகிவிடும்.

பிற்சேர்க்கை: E உள்பல் வளையமாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். உள்பல் கோக்கும் இடத்தில் திசை மாறாது, அதனால் அந்த இடத்தை எண்ணிக்கையில் விட்டுவிடுங்கள். மிச்சம் இரண்டு; E-யும் வலஞ்சுழி. வேகம் அதே 120தான்.