பேங்க் ஸ்டேட்மென்ட்டை எக்செல்லுக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடிட்டர் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் போய்ச் சேரும் வேலை இதுதான்: வாடிக்கையாளர் அனுப்பிய பிடிஎஃப் ஸ்டேட்மென்ட்டை எக்செல்லில் கொண்டுவருவது. நாங்கள் ஒருகாலத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஒரு தொகை விட்டுப்போவது, தலைப்பு வரி இரண்டு தடவை வருவது எல்லாம் பார்த்ததுமே தெரிந்துவிடும். பார்த்தாலும் தெரியாதவைதான் இங்கே.

தேதியை எக்செல்லின் இஷ்டத்துக்கு விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

எக்செல்லில் Data > Get Data > From File > From PDF வழியாக அட்டவணையை எடுக்கிறீர்கள். Transform Data அழுத்தியதும் திறக்கும் பவர் குவரியில், வலப்பக்கம் Changed Type என்ற ஒரு படி தானாகவே சேர்ந்திருக்கும். நீங்கள் கேட்காமலே எக்செல் செய்த வேலை அது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், 03/04/2024 என்பதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். நம் வங்கி எழுதியது ஏப்ரல் 3.

நாள் 12 வரை இருந்தால் மாதமும் நாளும் சத்தமில்லாமல் இடம் மாறும். 12-க்கு மேல் போனால் அப்படி ஒரு மாதமே இல்லை என்பதால் Error என்று காட்டும். அங்கேயாவது நின்று யோசிக்கலாம். ஆனால் எங்களிடம் வந்த ஒரு தம்பி Remove Errors அழுத்திவிட்டுப் போய்விட்டார். ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு வரவு செலவுகூட இல்லை. மிச்சமிருந்த வரிகளிலோ, ஏப்ரல் 3 அன்று வந்த வாடகை 42,000 ரூபாய் மார்ச் 4-க்குப் போயிருந்தது. அதாவது 2024-25 கணக்கில் வரவேண்டிய வருமானம் முந்தைய நிதியாண்டில் உட்கார்ந்திருந்தது. “பிடிஎஃப்ல இருந்ததுதான் சார் வந்துச்சு” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

செய்ய வேண்டியது இது. Changed Type படியை நீக்குங்கள். தேதிப் பத்தியின் தலைப்பில் வலது கிளிக் செய்து Change Type > Using Locale போய், வகைக்கு Date, வட்டாரத்துக்கு English (India) என்று கொடுங்கள். அதற்குப் பிறகும் Error வந்தால், அது பெரும்பாலும் ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும் தலைப்பு வரியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நீக்கலாம்.

தாளில் இறக்கியபின் சோதிக்க, தேதி A பத்தியில் பழையதிலிருந்து புதியதாக இருந்தால், ஓரத்துப் பத்தியில் மூன்றாம் வரியிலிருந்து இதைப் போட்டு இழுங்கள்:

```
=OR(ISTEXT(A3),A3<A2)
```

TRUE வருகிற இடத்தில் தேதி பின்னால் ஓடியிருக்கிறது, எழுத்தாகவே நிற்கிறது, அல்லது தேதியே இல்லாமல் காலியாக இருக்கிறது. இதைப் பார்ப்பதற்கு முன்னால் Sort மட்டும் செய்துவிடாதீர்கள். வரிசை கலைந்தால் தடயம் போச்சு. மாறிப்போன தேதியைத் தாளிலேயே திருத்தவும் உட்காராதீர்கள், எது மாறியது எது மாறாதது என்று பிரிக்க முடியாது. பிடிஎஃப்பிலிருந்து மறுபடி எடுப்பதுதான் வழி.

தேதி இல்லாத வரிகளை வெற்று வரி என்று அழிப்பது

யுபிஐ விவரம் நீளமானது. பிடிஎஃப்பில் இரண்டு மூன்று வரியாக மடங்கும், ஒவ்வொரு மடிப்பும் எக்செல்லில் தனி வரியாக வந்து விழும். தேதி இல்லையே என்று வடிகட்டி அழித்தால், பணம் யாருக்குப் போனது என்ற பகுதியே பல நேரம் போய்விடும். முதலில் அதை மேல் வரியின் விவரத்தோடு ஒட்டுங்கள், அப்புறம் அழியுங்கள்.

மொத்தத்தை மட்டும் சரிபார்ப்பது

பற்றுப் பத்தி காலியாக இருக்கும் வரியில், வரவுத் தொகை இடப்பக்கம் நகர்ந்து பற்றில் போய் உட்காரும். பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். மொத்தம் இடிக்கிறது என்று தெரியும், எந்த வரியில் என்று தெரியாது. பற்று D, வரவு E, இருப்பு F என்றால்:

```
=ROUND(F2-D3+E3-F3,2)
```

எல்லா வரியிலும் 0 வர வேண்டும். 0 இல்லாத முதல் வரிதான் ஆள். #VALUE! வந்தால் அங்கே Cr, Dr என்று ஏதாவது தொகையோடு ஒட்டிக்கொண்டு, எண் எழுத்தாக நிற்கிறது. புதியது மேலே வரும் ஸ்டேட்மென்ட் என்றால் முதலில் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். தேதி மாறியிருந்தால் இந்தச் சூத்திரம் கண்டுபிடிக்காது, அதனால்தான் மேலே தனியாக ஒன்று.

ரெஃபரன்ஸ் எண்ணை எண்ணாக வைப்பது

12 இலக்கம் 4.09E+11 ஆகிவிடும், முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். அந்தப் பத்தியை Text ஆக வையுங்கள்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்போடு மல்லுக்கட்டுவது

மவுஸால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லையா? அது படம். நெட் பேங்கிங்கில் இறக்கிய மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இலவச மாற்றுத் தளத்தில் ஏற்றுவது

வாடிக்கையாளரின் கணக்கு அது. கூடாது.