வகுப்பில் ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை அலர்ஜி: பெற்றோருக்கு அனுப்பும் செய்தியில் நடக்கும் தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், தன் வகுப்புப் பெற்றோருக்கு அனுப்பவிருந்த செய்தியைக் காட்டி, "சரியா இருக்கா பாருங்க மிஸ்" என்றார். முதல் வரியைப் படித்ததுமே எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரி. அதற்குப் பிறகு இன்னும் நான்கைந்து பேர் எழுதியும் பார்த்துவிட்டேன். எழுத்துப்பிழை, தேதி போடாதது போன்றவற்றை நீங்களே கவனித்துக்கொள்வீர்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

"நட்ஸ் வேண்டாம்" என்று எழுதுவது

நான் எழுதியது இதுதான்: "நம் வகுப்பில் ஒரு குழந்தைக்கு நட்ஸ் அலர்ஜி உள்ளது. நட்ஸ் கலந்த தின்பண்டங்களைத் தயவுசெய்து தவிர்க்கவும்." சுருக்கமாக, மரியாதையாக இருப்பதாக நினைத்தேன். எல்லாப் பெற்றோரும் "சரி மிஸ்" என்று பதில் போட்டார்கள்.

மூன்றாம் நாள் சிற்றுண்டி இடைவேளையில் ஆறு வயதுப் பையன் ஒருவன் உதட்டைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தான். "நாக்கு குத்துது மிஸ்" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துக் கொடுத்திருக்கிறாள். அவன் ஒரு கடிதான் கடித்திருந்தான். சில நிமிடங்களில் கழுத்தெல்லாம் தடிப்பு, மேல்உதடு வீக்கம், பிறகு விடாத இருமல். அவனுக்கென்று வைத்திருந்த எபிநெஃப்ரின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டோம், ஆம்புலன்ஸை அழைத்தோம். ஊசிக்குப் பிறகு மூச்சு சீரானாலும், அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் திரும்பி வரலாம் என்பதால் மருத்துவமனையில் வைத்துக் கவனித்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

சாண்ட்விச் கொடுத்தனுப்பிய அம்மா மறுநாள் அழுதுகொண்டே வந்தார். "நட்ஸ் எதுவும் வைக்கலையே மிஸ், வேர்க்கடலை வெண்ணெய்தான் தடவினேன்" என்றார். அவர் என் செய்தியைப் படித்திருந்தார், அதற்குக் கட்டுப்பட்டுமிருந்தார். நட்ஸ் என்றால் அவர் வீட்டில் முந்திரி, பாதாம், பிஸ்தா. வேர்க்கடலை என்பது கடலை. தாவரவியலும் அவர் பக்கம்தான்: வேர்க்கடலை பயறு இனத்தைச் சேர்ந்தது, மண்ணுக்கடியில் காய்ப்பது, முந்திரியும் பாதாமும் மரத்தில் காய்ப்பவை.

இதைவிட என்னை உறுத்தியது வேறு. அந்தப் பையனுக்கு வேர்க்கடலை மட்டும்தான் ஆகாது. முந்திரி, பாதாம் சாப்பிடலாம் என்று அவன் மருத்துவர் எழுதியே கொடுத்திருந்தார். ஆக, அவனைத் தொந்தரவு செய்யாததை முப்பது வீட்டில் தடுத்துவிட்டு, அவன் உயிருக்கு உலை வைப்பதை நான் தடுக்கவே இல்லை. ஒரே ஒரு சொல்லைச் சோம்பலாகப் போட்டதன் பலன் அது. இன்றும் அந்தச் சொல்லை ஒரு செய்தியில் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

"அப்போ கடலைன்னு போடலாமா?" என்று அந்த ஆசிரியை கேட்டார். அதுவும் ஆபத்து. கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலைமாவு எல்லாமே தமிழில் கடலைதான். ஒரு வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். இன்னொரு வீட்டில் "இது அந்தக் கடலை இல்லை" என்று தாங்களே முடிவு செய்வார்கள். "பருப்பு" என்று போட்டால் இன்னும் மோசம். நிலக்கடலை என்று சொல்லும் வீட்டுக்கு வேர்க்கடலை என்ற சொல் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆகவே இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன் குழந்தையின் பெற்றோரிடம் கேட்க வேண்டியவை மூன்று. எந்தெந்தப் பொருள் ஆகாது? எந்தெந்தப் பொருளை மருத்துவர் அனுமதித்திருக்கிறார்? வகுப்புக்குள் எதைக் கொண்டுவரக்கூடாது? சில குழந்தைகளுக்கு வேர்க்கடலையும் மரக்கொட்டைகளும் சேர்ந்தே ஆகாது. அப்போது ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் அனுப்பிய செய்தி இது:

"நம் வகுப்பில் ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை (நிலக்கடலை) சிறிதளவு சாப்பிட்டாலும் உயிருக்கு ஆபத்து. முழு வேர்க்கடலை, பொடித்தது, வேர்க்கடலை வெண்ணெய், கடலை எண்ணெயில் செய்தது, வேர்க்கடலை சேர்ந்த பிஸ்கட், சாக்லேட், கேக் எதையும் வகுப்புக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். முந்திரி, பாதாம், பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை கொடுத்தனுப்பலாம். பாக்கெட் உணவென்றால் ஒவ்வொரு முறையும் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். வகுப்பில் யாரும் யாருடனும் உணவைப் பகிர்வதில்லை. மறந்து கொடுத்தனுப்பிவிட்டால் உடனே எனக்குச் சொல்லுங்கள். பிரிக்காமல் தனியே வைத்து மாலையில் திருப்பி அனுப்புகிறேன்."

எண்ணெயை ஏன் சேர்த்தேன் என்று சிலர் கேட்டார்கள். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அலர்ஜி தரும் புரதம் ஏறக்குறைய இருக்காது, சுத்திகரிக்காததில் இருக்கும். டப்பாவில் வந்த பண்டம் எந்த எண்ணெயில் செய்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இரண்டும் வேண்டாம்.

குழந்தையின் பெயரைப் போடுவது

பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராமல் கூடாது.

பகிரக்கூடாது என்பதை அந்தக் குழந்தைக்கு மட்டும் சொல்வது

"அவனுக்கு எதுவும் கொடுக்காதே" என்று விதி போட்டால், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அது அவனை ஒதுக்கிவைப்பதாகத்தான் புரியும். யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை என்றால் ஒரே விதி, எல்லோருக்கும். அன்று சாண்ட்விச் கொடுத்த சிறுமி பாசத்தில்தான் கொடுத்தாள். அவளுக்கு முன்பே இந்த விதி தெரிந்திருந்தால் கொடுத்திருக்கமாட்டாள். பிறந்தநாளுக்கும் இதே கணக்கு: தின்பண்டத்துக்குப் பதில் பென்சிலோ ஸ்டிக்கரோ கேளுங்கள்.

"போன மாதம் படிச்சேன், அதே பிஸ்கட்தான்"

செய்முறை மாறும், தயாரிக்கும் இடம் மாறும். பெரிய பாக்கெட்டும் சிறிய பாக்கெட்டும் வேறு வேறு இடத்தில் தயாராகியிருக்கலாம். "வேர்க்கடலை கலந்திருக்கலாம்" என்ற எச்சரிக்கை பல நாடுகளில் சட்டப்படி கட்டாயம் இல்லை, நிறுவனங்கள் விரும்பினால் போடுவது. அது இல்லாததால் மட்டும் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. போட்டிருந்தால் வேண்டாம் என்று செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.

சானிடைசரை நம்பச் சொல்வது

கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. காலையில் வேர்க்கடலை சாப்பிட்டு வரும் பிள்ளை சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பயமுறுத்தி எழுதுவது

"மீறினால் கடும் நடவடிக்கை" என்று முடிக்கும் செய்திகளைப் பார்த்திருக்கிறேன். அதைப் படித்த பெற்றோர், தவறுதலாக ஏதாவது கொடுத்தனுப்பிவிட்டால் வெளியே சொல்லமாட்டார்கள். எனக்கு வேண்டியது காலை ஒன்பது மணிக்கு வரும் ஒரு போன். சென்ற ஆண்டு ஒரு அப்பா அப்படித்தான் அழைத்தார்: "மிஸ், அவசரத்துல கேக் வச்சுட்டேன், மேல வேர்க்கடலை தூவியிருக்கு." டப்பாவைத் திறக்காமல் என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் மகளுக்கு அதற்குப் பதில் பழம் கிடைத்தது. யாரும் யாரையும் திட்டவில்லை.

காற்றில் வரும் வாசனையே ஆளைக் கொன்றுவிடும் என்றும் எழுதாதீர்கள். பெரும்பாலான கடுமையான பாதிப்புகள் வாய்க்குள் போவதால்தான் வருகின்றன. வாசனையைப் பற்றி எழுதினால் அந்தக் குழந்தையின் பக்கத்தில் தங்கள் பிள்ளையை உட்காரவைக்கப் பெற்றோர் தயங்குவார்கள்.

ஒரு தடவை அனுப்பிவிட்டு மறந்துபோவது

பருவம் தொடங்கும்போது ஒன்று. சுற்றுலா, விழாவுக்கு முன் ஒன்று. நடுவில் புதுப் பிள்ளை சேர்ந்தால் அன்றைக்கே ஒன்று. மாற்று ஆசிரியருக்குத் தனியாக ஒன்று; ஊசி எங்கே இருக்கிறது என்பதையும் அதில் எழுதுங்கள்.

அந்தப் புது ஆசிரியை என் மேசையிலேயே உட்கார்ந்து "நட்ஸ்" என்பதை அடித்துவிட்டுக் குழந்தையின் அம்மாவுக்குப் போன் செய்தார். அந்தக் குழந்தைக்கு ஆகாதது முந்திரியும் பிஸ்தாவுமாம். வேர்க்கடலை தினமும் சாப்பிடுமாம்.